உயிர் பிழைத்த பிறகு எழும் கேள்வி

மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளில் குடும்பம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வயிற்றில் பை வைப்பார்களா? எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்? காப்புறுதி எவ்வளவு தரும்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்திய உறவு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவருக்கு நாக்கு எழாது. அறையில் மகன் இருப்பான், மைத்துனர் இருப்பார், சில நேரம் மாமியாரும் இருப்பார். மருத்துவரும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மலேசிய ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். வானொலியில் மருத்துவர்களை அழைத்துப் பேசும் நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நேரலையில் வரும் அழைப்புகள் எல்லாம் உணவைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும்தான் இருக்கும். நிகழ்ச்சி முடிந்த பிறகு, "பெயர் போட வேண்டாம்" என்று தொடங்கும் குரல் பதிவுகள் வரும். அவற்றில்தான் இந்தக் கேள்வி இருக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனவர்கள் கேட்பார்கள். "எனக்கு எல்லாம் போய்விட்டதா?"

'எல்லாம்' என்ற அந்தச் சொல்லில்தான் குழப்பம் இருக்கிறது. போவதும் இருப்பதும் ஒரே பொருள் அல்ல.

மூன்று வேலை, மூன்று பாதை

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பத்திரிகை விளம்பரங்களில் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி'க்கும் இங்கே சொல்லும் நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. இது கண்ணால் பார்க்கக்கூடிய, கத்தியால் அறுபடக்கூடிய உண்மையான நரம்பு.

இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மலக்குடல், சிறுநீர்ப்பை, ஆண்களுக்கு விந்துப் பை, புராஸ்டேட் சுரப்பி, பெண்களுக்குக் கருப்பை, யோனி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் மூன்று விதமான நரம்புகள் செல்கின்றன.

முதல் வகை மேலிருந்து வருகிறது. பெரிய இரத்தக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, முதுகெலும்பின் முன்னால் ஒரு வலைபோலத் தொடங்கி, இடமும் வலமுமாக இரண்டு நரம்புகளாகப் பிரிந்து இறங்குகிறது. ஆண்களுக்கு விந்தைச் சேர்த்து முன்னால் தள்ளுவதும், அந்த நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாயை மூடி விந்து பின்னோக்கிப் போகாமல் தடுப்பதும் இதன் வேலை.

இரண்டாம் வகை முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து பக்கவாட்டாக வருகிறது. விறைப்பைத் தருவது இதுதான். பெண்களுக்கு உறவின்போது ஏற்படும் ஈரத்தையும் இரத்த ஓட்டத்தையும் தருவதும் இதே நரம்புதான். சிறுநீர்ப்பையைச் சுருக்கி முழுவதும் காலியாக்குவதும் இதன் பொறுப்பு. இந்தக் கடைசி வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

மூன்றாம் வகை தொடு உணர்வைத் தரும் நரம்பு. உச்சத்தின் இன்பமும், அப்போது தசைகள் துடிப்பதும் இதன் வழியாகத்தான். இது இடுப்பின் ஓரமாக வேறொரு பாதையில் போவதால், மலக்குடல் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

அதனால்தான் ஒருவருக்கு விறைப்பு இருந்தும் விந்து வராமல் போகலாம். இன்னொருவருக்கு விறைப்பு இல்லாமலே உச்சம் வரலாம். இதைக் கேட்டு நம்பாதவர்கள் உண்டு. ஆனால் நரம்புகளின் பாதையைப் பார்த்தால் இது இயல்பானதே.

மெல்லிய சவ்வு, ஒரு கோடு

ஒரு காலத்தில் மலக்குடல் புற்றுநோய் அறுவையில் கையை உள்ளே விட்டுத் திசுக்களைப் பிரித்தெடுப்பதே வழக்கம். கட்டியின் மிச்சம் உள்ளே தங்கிவிடும், நரம்புகளும் கிழியும். 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர மருத்துவர் பில் ஹீல்ட் வேறொரு வழியை எழுதினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு பொதி இருக்கிறது. புற்றுநோய் முதலில் பரவுவது அந்தப் பொதிக்குள்தான். அதற்கென்று மெல்லிய உறை ஒன்று உண்டு. அந்த உறை கிழியாமல், பொதியோடு சேர்த்து மலக்குடலை வெளியே எடுக்க வேண்டும் என்றார் அவர்.

ஆரஞ்சுப் பழத்தில் ஒரு சுளையை அதன் மெல்லிய தோல் உடையாமல் பிரித்தெடுப்பதை நினைத்துப் பாருங்கள். சுளைக்கும் பக்கத்துச் சுளைக்கும் இடையில் பஞ்சு போன்ற ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டிலேயே போனால் சாறு சிந்தாது. இங்கும் அப்படித்தான். உறைக்கு உள்ளே புற்றுநோய், வெளியே நரம்பு. நடுவில் பஞ்சுமிட்டாய் இழைபோன்ற திசு. கட்டியை முழுமையாக எடுப்பதற்கும் நரம்பைக் காப்பதற்கும் பாதை ஒன்றே என்பதுதான் இதன் அழகு. ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதைப் பெறுவதல்ல. 1980களில் ஜப்பானிய அறுவை நிபுணர்களும் இந்த நரம்புகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு காக்கும் முறையை வளர்த்தார்கள்.

ஆனால் அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே அகலமாக இல்லை. மேலே குடலின் பெரிய இரத்தக் குழாயைக் கட்டும் இடத்திலும், முதுகெலும்பு இடுப்புக்குள் வளையும் மேட்டிலும் முதல் வகை நரம்பு அடிபடலாம். அங்கே அடிபட்டால் விந்து வெளியேற்றம் பாதிக்கும், விறைப்பு பெரும்பாலும் தப்பும். கீழே பக்கச் சுவரில் மலக்குடலை அதிகமாக இழுத்தால் நரம்பு வலை பொதியோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். மருத்துவர் அதைக் கொழுப்பு என்று நினைத்து வெட்டக்கூடும். எல்லாவற்றிலும் கடினமான இடம் முன்பக்கம். ஆண்களுக்கு விந்துப் பையும் புராஸ்டேட்டும் மலக்குடலை ஒட்டியே இருக்கின்றன. இடைவெளி சில மில்லிமீட்டர்தான். விறைப்புக்கான நரம்புக் கொத்து அந்த ஓரங்களில்தான் ஓடுகிறது. கட்டி முன்பக்கத்தில், அதுவும் கீழே இருந்தால் ஆபத்து கூடும். ஆணின் குறுகிய இடுப்பும், அதிக உடல் எடையும் பார்வையை மறைத்து வேலையை இன்னும் சிரமமாக்கும்.

கட்டி அந்த உறையைத் தாண்டி நரம்பைத் தொட்டிருந்தால், நரம்பைக் காப்பது என்ற பேச்சே இல்லை. அந்தப் பக்கத்து நரம்பையும் எடுத்தாக வேண்டும். ஒரு பக்கத்தை எடுத்து மறுபக்கத்தைக் காப்பாற்றினாலும் ஓரளவு பலன் உண்டு.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கும்போதும் இதே நரம்புகள்தான் பாதையில் வருகின்றன. விறைப்பு நரம்பு புராஸ்டேட்டின் ஓரத்தில் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்டு காட்டியவர்கள் அமெரிக்காவின் பேட்ரிக் வால்ஷும் நெதர்லாந்தின் பீட்டர் டோங்கரும். அவர்களின் ஆய்வும் 1982இல்தான் வெளிவந்தது. அதை வைத்துப் பின்னர் சிறுநீர்ப்பை அறுவையிலும் நரம்பைக் காக்கத் தொடங்கினார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கமான அறுவையில் ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் விந்துப் பையும் சேர்ந்தே போவதால், எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் விந்து வெளியேறாது. அங்கே காக்க முடிவது விறைப்பை மட்டும்தான். பெண்களுக்குக் கருப்பையோடு யோனியின் முன்சுவரையும் எடுப்பது உண்டு. நோயின் நிலை அனுமதித்தால் அதை விட்டுவைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஒருவருக்கு நடந்தது

எனக்குக் குரல் பதிவு அனுப்பியவர்களில் ஒருவர் பிறகு தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார். வயது 52. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நீரிழிவு இல்லை, புகைப்பழக்கம் இல்லை. மலத்தில் இரத்தம் வந்ததை எட்டு மாதம் மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குடல்நோக்கிப் பரிசோதனையில் ஆசனவாயிலிருந்து 7 செண்டிமீட்டர் உயரத்தில் கட்டி. எம்ஆர்ஐ படத்தில் அது வலது முன்பக்கம் உறையை நெருங்கியிருந்தது. அதனால் முதலில் ஐந்து வாரம் கதிர்வீச்சும் கூடவே மாத்திரை வடிவக் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு அறுவை செய்தார்கள். குடலின் இணைப்பு ஆறும்வரை தற்காலிகமாக வயிற்றில் பை.

அறுவைக்கு முந்தைய சந்திப்பில் தாதி ஒரு படிவத்தைக் கொடுத்தாராம். ஐந்தே கேள்விகள், மொத்தம் 25 மதிப்பெண். 22 அல்லது அதற்கு மேல் வந்தால் விறைப்பில் குறை இல்லை என்று பொருள். உலகமெங்கும் சிறுநீரகவியல் கிளினிக்குகளில் இருக்கும் படிவம் அது. "இது எதுக்குன்னு வெட்கத்தோட எழுதினேன்" என்றார். அவருக்கு 23 வந்தது. உண்மையில் அந்த மருத்துவமனை செய்த மிக நல்ல காரியம் அதுதான். முன்பு எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தானே பிறகு எவ்வளவு குறைந்தது, எவ்வளவு திரும்பியது என்று அளக்க முடியும்? பலருக்குப் புற்றுநோய் வருவதற்கு முன்பே நீரிழிவாலும் இரத்த அழுத்த மருந்தாலும் பாதி குறைந்திருக்கும். அந்தப் பழியும் அறுவையின் தலையில் விழும்.

முதல் அறிகுறி மூன்றாம் நாளில் வந்தது. சிறுநீர்க் குழாயை எடுத்ததும் அவரால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. மறுபடி குழாய் போட்டு, இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது சரியாகிவிட்டது. சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்பும் விறைப்பைத் தரும் நரம்பும் ஒன்றே என்று முன்பு சொன்னேன் அல்லவா? சிறுநீர் தங்குவது அந்த நரம்பு அதிர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு துப்பு. இரண்டு வாரத்தில் சரியானது, அது அறுபடவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். வயதானவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் இதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நரம்பு அறுபடாமல் இருந்தாலும், இழுபட்டால், சூடுபட்டால், வீங்கினால் வேலையை நிறுத்திவிடும். அது மீள மாதக் கணக்காகும். ஆறு மாதத்தில் மாற்றம் தெரியலாம். ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம் வரை முன்னேற்றம் தொடரும். அவருக்கு மூன்றாம் மாதத்தில் மதிப்பெண் 6. விடியற்காலையில் இயல்பாக வரும் விறைப்பும் இல்லை. அதே நேரத்தில் கீமோ களைப்பு, வயிற்றில் பை, தூக்கமின்மை. மனைவியின் பக்கம் திரும்பாமலே படுத்துக்கொண்டாராம்.

"என்மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு நினைச்சேன்" என்று அந்த அம்மா சொன்னார். "அவரும் சொல்லல, நானும் கேக்கல. அந்தப் பையைப் பார்த்து நான் முகம் சுளிக்கிறதா அவர் நினைச்சிருக்காரு."

ஐந்தாம் மாதத்தில் பையை மூடினார்கள். மலக்குடல் சிறிதானதால் ஒரு நாளில் பல முறை கழிப்பறைக்கு ஓட வேண்டிய நிலை. இதையும் சொல்லியாக வேண்டும். நரம்பு நன்றாக இருந்தாலும், எப்போது ஓட வேண்டியிருக்குமோ என்ற பயத்தோடு யாரும் நெருங்கி இருக்க முடியாது. அவருக்கு உணவு நேரத்தை மாற்றியும் வயிற்றோட்டத்தைக் குறைக்கும் மாத்திரையாலும் அது ஓரளவு அடங்கியது.

அறுவை மருத்துவரிடம் அவர் நேரடியாகக் கேட்டது அப்போதுதான். மருத்துவர் அறுவைக் குறிப்பைத் திறந்து காட்டினார். மேலே இரு பக்க நரம்புகளும் தெரிந்தன, காக்கப்பட்டன. கீழே இடது பக்கம் முழுவதும் காக்கப்பட்டது. வலது முன்பக்கத்தில் மட்டும், கட்டி ஒட்டியிருந்த இடத்தில், நரம்புக் கொத்தின் ஒரு பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. "இத ஒரு வரியில சொல்லியிருந்தா நான் அஞ்சு மாசம் இருட்டுல உக்காந்திருக்க மாட்டேன்" என்றார் அவர். நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல் மருத்துவரே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

மாத்திரை வேலை செய்யவில்லை என்றால்

சிறுநீரகவியல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். நான்கு முறை சாப்பிட்டார், பலனில்லை. "எனக்கு மருந்தும் கேக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

விசாரித்தபோது தெரிந்தது, இரவு உணவுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அது தானாக வேலை செய்யும் என்று காத்திருந்திருக்கிறார். ஆட்டுக்கறிக் குழம்போடு சாப்பிட்ட மாத்திரை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். கொழுப்பு உணவு அதைத் தாமதப்படுத்தும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது எடுக்க வேண்டும். தொடுதலும் நெருக்கமும் இல்லாமல் அது வேலை செய்யாது. நரம்பு அனுப்பும் சைகையைப் பெருக்கித் தருவதுதான் அதன் வேலை. சைகையே இல்லாவிட்டால் பெருக்குவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் நரம்பு காக்கப்பட்டவர்களுக்கு இந்த மாத்திரை நன்றாக உதவுகிறது. ஆக்ஸ்ஃபர்டில் மலக்குடல் அறுவைக்குப் பிறகு விறைப்பு குறைந்த 32 பேரிடம் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். உண்மையான மாத்திரை எடுத்த 14 பேரில் 11 பேருக்குப் பலன் கிடைத்தது. போலி மாத்திரை எடுத்த 18 பேரில் 3 பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனால் வேறுபாடு பெரிது.

முறையாக எடுத்த பிறகு அவருக்கும் பலன் தெரிந்தது. ஆறாம் மாத முடிவில் மதிப்பெண் 12, பதினான்காம் மாதத்தில் மாத்திரையோடு 18. பழைய 23 இல்லை. விந்தும் மிகக் குறைவாகவே வருகிறது. மேல் நரம்புகள் காக்கப்பட்டும் இது ஏன் என்று கேட்டார். கதிர்வீச்சு புராஸ்டேட்டையும் விந்துப் பையையும் உலர்த்திவிடும் என்று மருத்துவர் விளக்கினாராம். கதிர்வீச்சின் இன்னொரு குணத்தையும் அறிந்துகொள்வது நல்லது. அறுவையின் காயம் முதலில் மோசமாக இருந்து பிறகு தேறும். கதிர்வீச்சின் பாதிப்பு மெதுவாக வந்து, மாதங்களும் வருடங்களும் கடந்த பிறகு கூடலாம். தேறிவந்தவர் இரண்டாம் வருடத்தில் சறுக்கினால், நரம்பு புதிதாக அறுந்துவிடவில்லை. இது கதிர்வீச்சின் கணக்கு.

சிலருக்கு விந்து சுத்தமாக வெளியே வராது. உறவுக்குப் பின் சிறுநீர் கலங்கலாக இருந்தால், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போயிருக்கலாம். உடலுக்குக் கெடுதல் இல்லை, சிறுநீரோடு போய்விடும். ஆனால் குழந்தை வேண்டும் என்றால் கதை வேறு. இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இந்த நோய் வருகிறது. திருமணமாகாதவர்களும் இனிமேல்தான் பிள்ளை பெறப்போகிறவர்களும் கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்பே விந்தைச் சேமித்து உறைய வைப்பதைப் பற்றிக் கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்பது தாமதம்.

மாத்திரை யாருக்கு ஆகவே ஆகாது என்பதும் முக்கியம். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மருந்து வைத்திருப்பவர்கள் இதைத் தொடக்கூடாது. இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்துவிடும். இங்கே நம் நாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'ஆண்களுக்கான' தொங்காட் அலி காப்பிப் பொட்டலங்களில் சிலவற்றில் சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்றவை சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நம்பிக் குடித்துவிட்டு, மேலே மருத்துவர் தந்த மாத்திரையையும் போட்டால், உடம்புக்குள் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வழி அத்தோடு முடிவதில்லை. வெற்றிடப் பம்பு என்ற கருவி உண்டு. குழாய்க்குள் காற்றை உறிஞ்சி இரத்தத்தை வரவழைத்து, அடியில் ஒரு வளையம் போடுவது. அதற்கு நரம்பே தேவையில்லை. வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. ஆணுறுப்பின் பக்கத்தில் மெல்லிய ஊசியால் போடும் மருந்தும் நரம்பைத் தாண்டி நேராக இரத்தக் குழாயில் வேலை செய்யும். கேட்கவே கூசும், ஆனால் ஊசி மிக மெல்லியது, அளவை கிளினிக்கில் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியாவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காத்திருந்தால் திசு கெட்டுவிடும். எதுவுமே உதவாதவர்களுக்கு உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி உண்டு. நரம்பு தேறக் காலம் கொடுத்த பிறகே அதைப் பற்றிப் பேசுவார்கள், ஏனென்றால் பொருத்திய பிறகு இயற்கையான விறைப்புக்குத் திரும்ப முடியாது.

பெண்களைக் கேட்டவர் யார்?

இந்தப் பக்கம் வரை நான் ஆண்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். ஆய்வுகளும் அப்படித்தான். கனடாவின் டொராண்டோவில் மலக்குடல் அறுவை முடிந்தவர்களிடம் கேட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் தாம்பத்திய பாதிப்பைப் பற்றி மருத்துவர் பேசியதாக ஆண்களில் 39 விழுக்காட்டினர் சொன்னார்கள். பெண்களில் 9 விழுக்காட்டினர் மட்டுமே. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் வறட்சியைச் சொன்னார்கள், ஏறக்குறைய பாதிப் பேர் உறவின்போது வலியைச் சொன்னார்கள்.

நரம்பு அதேதான். இரண்டாம் வகை நரம்பு பாதிக்கப்பட்டால் ஆணுக்கு விறைப்பு குறைவதுபோல, பெண்ணுக்கு ஈரம் குறையும். ஆணுக்கு அது கண்ணுக்குத் தெரியும். பெண்ணுக்குத் தெரியாது, வலியாக மட்டும் வரும். அந்த வலியை அவர் சகித்துக்கொள்வார், அல்லது தவிர்ப்பார். வீட்டில் அதற்கு 'ஆர்வம் போய்விட்டது' என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் சேரும். மாதவிடாய் நிற்காத வயதில் இருந்தால், கருமுட்டைப் பைகள் கதிர்வீச்சில் செயலிழந்து, முப்பத்தைந்திலேயே மாதவிடாய் நின்றுபோகலாம். சிலருக்குக் கதிர்வீச்சுக்கு முன்பே கருமுட்டைப் பைகளை அறுவை மூலம் மேலே நகர்த்தி வைக்க முடியும். கருமுட்டையைச் சேமிக்கவும் முடியும். இரண்டுக்கும் நாள் வேண்டும், ஆகவே நோய் உறுதியான வாரத்திலேயே கேட்க வேண்டும். அடுத்தது, யோனியின் சுவர்கள் இறுகி ஒட்டிக்கொள்ளலாம். அதைத் தடுக்க டைலேட்டர் என்ற வழுவழுப்பான குழாய்களைச் சிறியதிலிருந்து பெரியதாக, சில நிமிடம், வாரத்தில் சில முறை பயன்படுத்தச் சொல்லித் தருவார்கள். கதிர்வீச்சுப் புண் ஆறிய பிறகு, வழக்கமாகச் சில வாரங்களில் தொடங்குவார்கள். உறவில் ஈடுபடுகிறவர்களுக்கும் ஈடுபடாதவர்களுக்கும் அது தேவை, ஏனென்றால் பிற்காலப் பரிசோதனைக்கும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும்.

வறட்சிக்கு நீர் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல் மருந்தகத்திலேயே கிடைக்கும். தேங்காய் எண்ணெய் போதும் என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் அதைத் தொடக்கூடாது, எண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உள்ளே பூசுவது பலருக்கு உதவுகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் மேலே எழுதிய அந்தத் தம்பதியில், மனைவிக்கு இப்போது 49 வயது. பெருங்குடல் பரிசோதனைக்குத் தானும் பதிந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய அடுத்த சந்திப்பில், கணவரின் கோப்பில் இருக்கும் அந்த ஐந்து கேள்விப் படிவத்தைப் போலப் பெண்களுக்கும் ஒன்று உண்டா என்று தாதியிடம் கேட்டாராம். உண்டு. பத்தொன்பது கேள்விகள். அலமாரியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார் தாதி.